புதுக் கூட்டாளி வருமுன் கடைக்கும் பெயருக்கும் ஏன் விலை போட வேண்டும்?

கேள்வி: அண்ணே, நானும் மச்சானும் 1999-லிருந்து பட்டர்வொர்த்தில் மசாலா அரைக்கும் மில் நடத்துகிறோம். லாபத்தில் எனக்கு மூன்று பங்கு, அவருக்கு இரண்டு. எங்களிடம் பத்து வருஷம் வேலை பார்த்த தம்பி ஒருவர் 120,000 வெள்ளி போட்டு ஐந்தில் ஒரு பங்குக்கு வருகிறார். கணக்கு எழுதுகிறவர், முதலில் சொத்துக்கெல்லாம் மறுமதிப்பு போடணும், குட்வில்லுக்கும் விலை வைக்கணும் என்கிறார். அவர் போட்ட தொகைகளை அனுப்பியிருக்கிறேன். தம்பியின் பணத்தை வாங்கி மூலதனத்தில் சேர்த்தால் போதாதா? வீட்டுப் பிள்ளை மாதிரி இருப்பவரிடம் இப்படிக் கணக்குப் பார்ப்பது நன்றாக இருக்குமா?

பதில்:

போதாது. உங்கள் கணக்காளர் சொல்வதுதான் சரி. அதுவும் அவர் சொன்ன அதே வரிசையில் செய்ய வேண்டும்: முதலில் சொத்து, அப்புறம் குட்வில், அதற்குப் பிறகுதான் தம்பியின் பணம்.

கணக்குப் புத்தகத்தின் ஒரு குணத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். ஒரு சொத்தின் விலை வருஷக்கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தாலும் புத்தகம் அதைக் கண்டுகொள்ளாது. அதை விற்கிற அன்றைக்குத்தான் லாபம் என்று எழுதும். எழுதுகிற அன்றைக்கு யார் யார் கூட்டாளிகளோ, அன்றைக்கு என்ன விகிதமோ, அப்படித்தான் பிரிக்கும். அந்த லாபம் விளைந்த காலத்தில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று அது கேட்காது. நஷ்டத்துக்கும் இதே கதைதான். அதனால் புது ஆள் உள்ளே வருமுன் ஒரு கோடு போட்டு, அதுவரை ஏறியது இறங்கியது எல்லாவற்றையும் பழையவர்கள் பேரில் எழுதி முடிக்க வேண்டும். மறுமதிப்பு என்பது அந்தக் கோடுதான்.

நீங்கள் அனுப்பிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் கடைவீடு 150,000, அரைக்கும் இயந்திரமும் வறுக்கும் இயந்திரமும் 60,000, வேன் 20,000, சரக்கு 50,000, வர வேண்டிய கடன் 40,000, வங்கியில் 30,000. மொத்தம் 350,000 வெள்ளி. சரக்கு போட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டியது 50,000. மீதி 300,000-தான் உங்கள் இருவரின் முதல்: உங்களுடையது 180,000, மச்சானுடையது 120,000. லாபத்தை வருஷா வருஷம் பிரித்து எழுதிவிட்டீர்கள், பிரிக்காத சேமிப்பு எதுவும் நிற்கவில்லை. நல்லது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் அதையும் இப்போதே பழைய விகிதத்தில் பிரிக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பட்டியலில் முதல் வரியைப் பாருங்கள். கடைவீட்டை 1999-ல் வாங்கினீர்கள். நிதி நெருக்கடி அடித்து ஓய்ந்த நேரம், விலை படுத்துக் கிடந்தது. அன்றைக்குக் கொடுத்த 150,000-தான் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. மதிப்பீட்டாளர் இன்றைய விலை 330,000 என்கிறார். இந்த 180,000 வெள்ளி ஏற்றம் நீங்களும் மச்சானும் மாதத் தவணை கட்டிய காலத்தில் நடந்தது. அப்போது இந்தத் தம்பி கூட்டாளியாக இல்லை.

சரி, மறுமதிப்பு செய்யாமல் தம்பியைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று வைப்போம். ஐந்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்த பின், மீதியை நீங்கள் இருவரும் பழையபடி மூன்றுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டால் புது விகிதம் 12:8:5. அடுத்த வருஷம் நல்ல விலை வருகிறது, கடையை 330,000-க்கு விற்கிறீர்கள். புத்தகம் 180,000 லாபம் காட்டும். அதைப் புது விகிதத்தில் பிரித்தால் உங்களுக்கு 86,400, மச்சானுக்கு 57,600, தம்பிக்கு 36,000. நீங்கள் இருவர் மட்டும் இருந்திருந்தால் உங்களுக்கு 108,000, மச்சானுக்கு 72,000 வந்திருக்கும். தம்பி கேட்கவும் இல்லை, நீங்கள் கொடுப்பதாகச் சொல்லவும் இல்லை. ஆனாலும் உங்கள் பையிலிருந்து 21,600 வெள்ளியும் மச்சான் பையிலிருந்து 14,400 வெள்ளியும் அவரிடம் போய்விட்டன.

இதைக் கேட்டதும் பலரும், மறுமதிப்பு என்பது பழையவர்களைக் காப்பாற்றுகிற வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதிதான் உண்மை. பட்டியலின் அடுத்த வரிகளில் தம்பிக்குத்தான் ஆபத்து இருக்கிறது.

இயந்திரம் புத்தகத்தில் 60,000, இன்றைக்கு விற்றால் 50,000. சரக்கில் 6,000 வெள்ளிக்கு உருப்படாதது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார் பக்கம் ஒரு மளிகைக்கடையில் வருஷ முடிவுக்குச் சரக்கு எண்ணப் போயிருந்தேன். மூட்டைகளை எண்ணிப் பார்த்தால் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. பின்வரிசையில் இருந்த மல்லி மூட்டையைக் கடையில் வேலை செய்த அம்மா ஒரு தட்டு தட்டினார். சாக்கின் இழை வழியாக மாவு மாதிரிப் பொடி கொட்டியது. பிரித்துப் பார்த்தால் முழுக்க வண்டு, மல்லி வெறும் கூடாக இருந்தது. அதற்கடியில் இருந்த இரண்டு மூட்டையும் அப்படியே. எண்ணிக்கை சரி, மதிப்பு பூஜ்யம். சரக்கு மறுமதிப்பு என்றால் மூட்டையை எண்ணுவது மட்டுமில்லை, பின்வரிசை மூட்டையைப் பிரித்துக் கையை விட்டுப் பார்ப்பதும்தான்.

வர வேண்டிய கடன் 40,000-ல் 4,000 வராது என்று கணக்காளர் எழுதியிருக்கிறார். கடன் எழுதி வைக்கிற உங்கள் 555 நோட்டுகளைப் புரட்டித்தான் அதைக் கண்டுபிடித்திருப்பார். ஒரு சாப்பாட்டுக் கடை மூடி இரண்டு வருஷமாகியிருக்கும், அதன் பேரில் பாக்கி மட்டும் நோட்டில் உயிரோடு இருக்கும். கடைசியாகப் பணம் வந்த தேதியைப் பார்த்தாலே எது வரும், எது வராது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கடைசியாக, புத்தகத்தில் எங்குமே இல்லாத ஒன்று: இரண்டு வேலையாட்களுக்குக் கட்டாமல் விட்ட இபிஎஃப், தாமதக் கட்டணத்தோடு 10,000 வெள்ளி. மலேசியாவின் 1961-ஆம் ஆண்டு கூட்டுத்தொழில் சட்டம், 19-ஆம் பிரிவில், புதிதாகச் சேர்ந்த கூட்டாளி தான் வருமுன் நடந்ததற்காகக் கடன்காரர்களுக்குப் பொறுப்பாக மாட்டார் என்று சொல்கிறது. அதை நம்பித் தம்பி நிம்மதியாக இருந்துவிடலாமா? இருக்க முடியாது. இபிஎஃப் அலுவலகம் அவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பாக்கியை அடுத்த வருஷம் மில்லின் வங்கிக் கணக்கிலிருந்து கட்டி, அந்த வருஷச் செலவாக எழுதினால், அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2,000 வெள்ளி, அவர் லாபத்திலிருந்து கழிந்துவிடும். சட்டம் காப்பாற்றியதைக் கணக்கு பறித்துவிடுகிறது. வருமுன் அதைக் கடனாக எழுதி உங்கள் இருவர் பேரில் பற்று வைத்தால்தான் சட்டம் சொன்னது கணக்கிலும் நடக்கும்.

இப்போது கூட்டுவோம். ஏற்றம் 180,000. இறக்கம் இயந்திரத்தில் 10,000, சரக்கில் 6,000, வராக்கடன் 4,000, இபிஎஃப் 10,000, ஆக 30,000. மறுமதிப்புக் கணக்கு என்று ஒரு பக்கம் திறந்து, ஏற்றத்தை வரவிலும் இறக்கத்தைப் பற்றிலும் எழுதினால் நிகர லாபம் 150,000. அதை உங்கள் பழைய விகிதமான மூன்றுக்கு இரண்டில் பிரித்து, உங்கள் முதலில் 90,000, மச்சான் முதலில் 60,000 சேர்க்க வேண்டும். இப்போது உங்கள் முதல் 270,000, அவருடையது 180,000, மொத்தம் 450,000. தம்பிக்கு இதில் ஒரு காசு வரவும் இல்லை, பற்றும் இல்லை. கோடு போட்டாயிற்று.

ஒரு எச்சரிக்கை. இந்த 90,000 உங்கள் பேரில் ஏறியதே தவிர, மில்லுக்குப் பணமாக எதுவும் வரவில்லை. வங்கியில் முன்பு இருந்த 30,000-தான் இருக்கிறது. முதல் ஏறிவிட்டதே என்று எடுக்கத் தொடங்கினால் மிளகாய் வாங்கக் காசிருக்காது. இந்த ஏற்றம் வருமான வரிக்கு உட்படுகிற வருமானமும் இல்லை, வெறும் எழுத்து மாற்றம்தான். அதேபோல, இயந்திரத்தின் மதிப்பை மாற்றி எழுதியதால் வரியில் நீங்கள் கோருகிற மூலதனக் கழிவு மாறாது. அது வாங்கிய விலையைப் பிடித்தே ஓடும்.

அடுத்தது குட்வில். தமிழ்ப் பாடநூல்களில் இதை நற்பெயர் என்று எழுதுகிறார்கள், நல்ல சொல்தான். ஆனால் வெறும் நல்ல பெயருக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. 1901-ல் இங்கிலாந்தில் ஒரு வரி வழக்கில் மெக்நாட்டன் பிரபு இதை, வாடிக்கையை உள்ளே இழுத்துவருகிற சக்தி என்று விளக்கினார். உங்கள் மில்லில் அது என்ன? பட்டர்வொர்த்திலும் பிறையிலும் இருக்கிற சாப்பாட்டுக் கடைகள் விலை கேட்காமலே வாராவாரம் கறித்தூளுக்குப் போன் போடுவது. மீன் கறித்தூளுக்கு எத்தனை கிலோவுக்கு எவ்வளவு வெந்தயம் என்று நீங்கள் இருபது வருஷத்தில் கண்டுபிடித்த அளவு. நாளைக்கு ஒருவர் பக்கத்துக் கடையில் அதே இயந்திரத்தை வாங்கிப் போட்டாலும் உங்கள் லாபம் அவருக்கு முதல் வருஷமே வராது. அந்த வித்தியாசத்துக்குத்தான் விலை.

அதை எண்ணாக்க உங்கள் கணக்காளர் எடுத்திருப்பது மிகை லாப முறை. உங்கள் மாதிரித் தொழிலுக்கு எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. கடந்த மூன்று வருஷ லாபம் 112,000, 125,000, 150,000. மூன்றாவது வருஷத்தில் பழைய லாரியை விற்ற லாபம் 15,000 கலந்திருக்கிறது. அது மறுபடி வராது என்பதால் கழித்துவிட்டு 135,000 என்று கொள்ள வேண்டும். சராசரி 124,000.

இந்த 124,000 முழுதும் பெயரால் வந்ததா? இல்லை. நீங்களும் மச்சானும் காலை ஐந்து மணிக்கே மில்லைத் திறக்கிறீர்கள், சம்பளம் எடுத்துக்கொள்வதில்லை. அந்த வேலைக்கு ஆள் வைத்தால் ஆளுக்கு மாதம் 3,000 என்று பிடித்தாலும் வருஷத்துக்கு 72,000. மீதி 52,000. நீங்கள் முடக்கியிருக்கும் 450,000 வெள்ளியும் சும்மா இல்லை. வேறெங்காவது போட்டிருந்தால் ஏதாவது கொடுத்திருக்கும். கணக்காளர் 6 விழுக்காடு பிடித்திருக்கிறார், அது 27,000. அதையும் கழித்தால் மிஞ்சுவது 25,000. உழைப்புக்கும் முதலுக்கும் உரியதைக் கொடுத்த பிறகும் வருஷத்துக்கு 25,000 மிஞ்சுகிறது என்றால் அதுதான் மிகை லாபம். அதை மூன்று வருஷத்துக்குப் பெருக்கி, குட்வில் 75,000 என்று போட்டிருக்கிறார்.

சொத்தை ஏன் முதலில் மதிப்பிட வேண்டும் என்பதற்கான விடை இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. 450,000 என்பது மறுமதிப்புக்குப் பிறகு வந்த தொகை. வரிசையை மாற்றி, பழைய புத்தக முதலான 300,000-ஐ வைத்தே குட்வில்லைக் கணக்கிட்டிருந்தால் கழிவது 18,000 மட்டும். மிகை லாபம் 34,000 ஆகும், குட்வில் 102,000 ஆகும். கூடுதலாக வந்த 27,000 எங்கிருந்து வந்தது? வாடகை கொடுக்காமல் சொந்தக் கடையில் இருப்பதால் கிடைக்கிற ஆதாயம் அது. அதைப் பெயரின் ஆதாயம் என்று தப்பாக எண்ணிவிட்டோம். பிறகு கடையையும் 330,000-க்கு உயர்த்தி எழுதினால், ஒரே ஏற்றத்தைக் கடையாக ஒரு முறையும் குட்வில்லாக இன்னொரு முறையும் தம்பி தலையில் வைத்ததாகும். வேண்டுமென்று யாரும் இதைச் செய்வதில்லை, வரிசை தப்பினால் தானாக நடந்துவிடும். எனவே குட்வில் தாள் கையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது, முதல் என்று எந்தத் தொகையை எடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

குட்வில் 75,000-ல் ஐந்தில் ஒரு பங்கு 15,000. இது தம்பி உங்கள் இருவருக்கும் தர வேண்டியது. மில்லுக்கு அல்ல, உங்களுக்கு. ஏனென்றால் இனி வருகிற லாபத்தில் அவருக்குப் போகிற பங்கை விட்டுக்கொடுக்கிறவர்கள் நீங்கள். எனவே யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தாரோ அந்த விகிதத்தில்தான் பிரிக்க வேண்டும். பாடநூலில் இதற்குத் தியாக விகிதம் என்று பெயர். உங்கள் பழைய பங்கு 25-ல் 15, புதியது 12, விட்டது 3. மச்சானுடையது 10-லிருந்து 8, விட்டது 2. ஆகவே உங்களுக்கு 9,000, அவருக்கு 6,000.

உங்கள் விஷயத்தில் தியாக விகிதமும் பழைய விகிதமும் தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டன. எப்போதும் அப்படி அமையாது. மச்சான் தன் பங்கைக் குறைக்க மாட்டேன் என்கிறார், தம்பிக்குரிய முழுப் பங்கையும் நீங்களே கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். புது விகிதம் 2:2:1 ஆகும். அப்போது அந்த 15,000 முழுதும் உங்களுக்குத்தான், மச்சானுக்கு ஒரு காசும் கிடையாது. ஆனால் அந்த நிலையிலும் மறுமதிப்பு லாபம் 150,000 பழையபடி மூன்றுக்கு இரண்டாகத்தான் பிரியும், ஏனென்றால் அது நடந்து முடிந்த காலத்தின் லாபம். நடந்து முடிந்ததற்குப் பழைய விகிதம், இனி விட்டுக்கொடுப்பதற்குத் தியாக விகிதம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது தேர்வெழுதுகிற பிள்ளைகள் மட்டுமில்லை, அனுபவம் உள்ளவர்களும்தான்.

எழுதுவதற்கு இரண்டு வழி உண்டு. தம்பி கொண்டுவருகிற 120,000-ல் 15,000-ஐக் குட்வில் என்று பிரித்து நேரே உங்கள் இருவர் முதலில் 9,000, 6,000 என்று வரவு வைத்து, மீதி 105,000-ஐ அவருடைய முதலாக எழுதலாம். அல்லது 120,000 முழுவதையும் அவர் முதலாக எழுதிவிட்டு, குட்வில் 75,000-ஐ ஒரு சொத்தாகப் புத்தகத்தில் ஏற்றி உங்களுக்கு 45,000, மச்சானுக்கு 30,000 வரவு வைத்து, உடனே அதைப் புது விகிதத்தில் 36,000, 24,000, 15,000 என்று மூவர் பேரிலும் கழித்துவிடலாம். கழித்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே விடைதான்: உங்களுக்கு 279,000, மச்சானுக்கு 186,000, தம்பிக்கு 105,000. குட்வில்லைக் கழிக்காமல் புத்தகத்திலேயே விட்டுவைப்பது எனக்குப் பிடிக்காது. நாமே வளர்த்த பெயரைச் சொத்தாகக் காட்டிக்கொண்டே போனால், வங்கியில் கடன் கேட்கப் போகும்போது அவர்கள் முதல் வேலையாக அதைத்தான் அடித்துவிட்டு மீதியைப் பார்ப்பார்கள்.

கடைவீட்டை 330,000 என்று புத்தகத்தில் மாற்றி எழுதவே வேண்டாம், வாங்கிய விலையே இருக்கட்டும் என்று மச்சான் சொன்னால் அதற்கும் வழி இருக்கிறது. மறுமதிப்பு லாபம் 150,000-ஐப் பழைய விகிதத்தில் 90,000, 60,000 என்று வரவு வைத்து, அதே தொகையைப் புது விகிதத்தில் 72,000, 48,000, 30,000 என்று மூவர் பேரிலும் திருப்பி எழுதினால் சொத்துகள் பழைய மதிப்பிலேயே நிற்கும். நிகரமாக உங்களுக்கு 18,000, மச்சானுக்கு 12,000 கூடும், தம்பிக்கு 30,000 குறையும். இதைப் பார்த்ததும் தம்பி திடுக்கிடுவார். போட்ட பணத்தில் 30,000 எங்கே என்று கேட்பார். கடையை விற்கிற அன்றைக்கு வருகிற லாபத்தில் அவருக்கு 36,000 வரும், பழைய இறக்கங்களில் 6,000 போகும், ஆக அந்த 30,000 திரும்பிவிடும் என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். வாயால் சொன்னால் புரியாது. உண்மையில் உங்கள் மாதிரி மூன்று பேர் மட்டும் இருக்கிற இடத்தில், புது மதிப்பையே புத்தகத்தில் எழுதிவிடுவதுதான் நல்லது. பார்த்ததும் எல்லோருக்கும் விளங்கும்.

பல வருஷம் முன்பு கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கணக்கு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். கூட்டாளிகள் மூன்று பேர், மூன்றாமவர் சேர்ந்து ஆறு வருஷம். சேரும்போது எந்த மதிப்பும் போடவில்லை. குட்வில் என்று ஒரு தொகையை அவர் ரொக்கமாகப் பெரியவர் கையில் கொடுத்திருக்கிறார். புத்தகத்தில் அது இல்லை, ரசீதும் இல்லை. பெரியவர் இறந்த பிறகு பிள்ளைகள், அப்பாவின் முதலுக்குச் சமமாக இவர் முதல் போடவே இல்லையே என்றார்கள். இவர், நான் கொடுத்த பணம் எங்கே என்றார். மேசையின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் பிள்ளைகள், நடுவில் நான். அன்றைக்கு என் கையில் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆறு வருஷத்துக்கு முந்தைய கடையின் மதிப்பை இப்போது போய் யாரிடம் கேட்பது? பாதிப் பாதி என்று ஒரு தொகையைப் பேசி முடித்தார்கள். அதற்கப்புறம் அந்த இரு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லை. பணத்தைத் தனியாகக் கையில் கொடுப்பதில் சட்டத் தப்பு எதுவும் இல்லை, ஆனால் கொடுத்தாலும் ஒப்பந்தத்தில் தொகையோடு எழுதி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த எண்கள் எல்லாம் கல்லில் வெட்டியவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைவீட்டுக்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை இருப்பதால் அதை மூவரும் ஏற்கலாம். குட்வில் அப்படியில்லை. 6 விழுக்காடு என்பது எனக்குக் குறைவாகப் படுகிறது. இபிஎஃப்-பே 2023-க்கு 5.5, 2024-க்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்திருக்கிறது, அதில் முதலுக்கு ஆபத்தும் இல்லை. மசாலா மில்லில் ஆபத்து உண்டு, அதற்கேற்பக் கூடுதலாகக் கேட்பதுதான் நியாயம். 8 விழுக்காடு பிடித்தால் கழிவது 36,000, மிகை லாபம் 16,000, மூன்று வருஷத்துக்கு 48,000. தம்பி தர வேண்டியது 15,000-லிருந்து 9,600 ஆகக் குறைந்துவிடும். இரண்டும் தவறில்லை. எத்தனை விழுக்காடு, எத்தனை வருஷம் என்பது நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொள்ள வேண்டியது. இன்னொன்றையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: கடைக்காரர்கள் மில்லுக்காக வருகிறார்களா, உங்களுக்காக வருகிறார்களா? நீங்கள் ஓய்வெடுத்தால் போன் நின்றுவிடும் என்றால், அந்தப் பகுதியைத் தம்பிக்கு விற்க முடியாது. பத்து வருஷமாக அந்தப் போனை எடுத்துப் பேசியவரே அவர்தான் என்றால், அந்த இழுக்கும் சக்தியில் ஒரு பகுதி அவருடையது. மூன்று வருஷம் என்பதை இரண்டு வருஷமாகக் குறைக்க அது நல்ல காரணம். வீட்டுப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க நினைத்தால் இந்த இடத்தில், தொகை தெரிந்து, விட்டுக்கொடுங்கள்.

கடைவீட்டைக் கூட்டில் வைக்காமல் வெளியே எடுத்துவிடவும் வழி உண்டு. கூட்டுத்தொழில் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் அல்ல என்பதால் நிலப் பத்திரமான கெரான் உங்கள் இருவர் பேரில்தான் இருக்கும். அதை உங்கள் சொந்தச் சொத்தாக ஒதுக்கி, மில் உங்களுக்கு மாத வாடகை கொடுக்கட்டும். அப்போது விலை ஏற்றத்தைப் பற்றிய பேச்சே தம்பியோடு வராது. ஆனால் கடந்த வருஷ லாபங்களில் அந்த வாடகையைக் கழித்துவிட்டுத்தான் குட்வில் போட வேண்டும், முதல் தொகையிலிருந்தும் கடையை எடுத்துவிட வேண்டும். எதைச் செய்தாலும் கடை கூட்டைச் சேர்ந்ததா, உங்களுடையதா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

ஒப்பந்தம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வேறுவிதமாக ஒத்துக்கொண்டதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் அதே கூட்டுத்தொழில் சட்டத்தின் 26-ஆம் பிரிவு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்படி எல்லாருக்கும் சமப் பங்கு, வேலை செய்கிற கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது. தம்பிக்கு இதுவரை மாதச் சம்பளம் இருந்தது, கூட்டாளியான மறுநாள் அது தானாக நின்றுபோகும். தொடர வேண்டுமென்றால் தொகையோடு எழுத வேண்டும். அதே பிரிவுதான் புது ஆளைச் சேர்க்க எல்லாக் கூட்டாளியும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது, ஆகவே மச்சானின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. சேர்ந்த 30 நாளுக்குள், தொழில்களைப் பதிவு செய்கிற எஸ்எஸ்எம்-மில் மாற்றத்தைப் பதிய வேண்டும்.

தம்பி ஜனவரி 1-ல் சேர்வதாக வைத்துக்கொண்டால், டிசம்பர் 31 மாலை அரைப்பதை நிறுத்திவிட்டுச் சரக்கு எண்ணுங்கள். எண்ணுகிற வேலையைத் தம்பியிடமே கொடுங்கள், நீங்களும் மச்சானும் எழுதுங்கள். பின்வரிசை மூட்டையை அவரே பிரித்துப் பார்க்கட்டும்.